மில்லிஓம் அளக்க நான்கு கம்பி: திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

இரண்டு கடைகளில் வாங்கிய வயர். இரண்டையும் மல்டிமீட்டரில் ஓம் வைத்து அளந்தால் 0.3 என்றே காட்டுகிறது. மீட்டர் பழுதா, இல்லை இரண்டு வயரும் ஒன்றுதானா?

மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது காட்டும் 0.3 ஓமில் உங்கள் வயரின் பங்கு நூற்றில் மூன்றுகூட இல்லை. 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 7 மில்லிஓம், அதாவது 0.007 ஓம் தடை கொண்டது. மீதியெல்லாம் மீட்டரோடு வந்த சிவப்பு, கறுப்புக் கம்பிகளின் தடை. ஊசி முனை வயரைத் தொடும் இடத்தின் தடை. அந்த ஊசியின் மறுமுனை மீட்டரின் துளைக்குள் உட்காரும் இடத்தின் தடை. சாதாரண மீட்டரின் கடைசி இலக்கமே 0.1 ஓம். அதில் 0.007 என்பது தெரியவே தெரியாது.

நானும் இப்படித்தான் மாட்டிக்கொண்டேன். "2.5" என்று ஒரே மாதிரி அச்சிட்ட இரண்டு சுருள்கள் என் மேசையில் இருந்தன. ஒன்று வழக்கமாக வாங்குவது, மற்றது விலை குறைந்தது. இரண்டாவதில் செம்பு குறைவு என்று கை சொன்னது, மீட்டர் சொல்லவில்லை. அந்த இரண்டு வயர்களையே இந்தப் பக்கம் முழுவதும் எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

ஊசி இரண்டையும் ஒன்றோடொன்று தொடவைத்து, வரும் எண்ணைக் கழித்துவிட்டால் முடிந்ததே?

சில ஓம் அளவில் இருக்கும் பொருளுக்கு அது போதும். மில்லிஓமுக்குப் போதாது. கம்பியின் தடை பெரிய மாற்றமில்லாமல் இருக்கும், அதைக் கழிக்கலாம். தொடும் இடத்தின் தடை அப்படியல்ல. ஊசியைச் சற்று அழுத்துங்கள், சற்றுத் தளர்த்துங்கள், பக்கவாட்டில் ஒரு முறை தேயுங்கள். ஒவ்வொரு முறையும் அது சில மில்லிஓமிலிருந்து பல பத்து மில்லிஓம் வரை மாறிக்கொண்டிருக்கும். ஊசியோடு ஊசி தொடும்போது இருந்த தொடுதடையும், ஊசி வயரைத் தொடும்போது இருக்கும் தொடுதடையும் ஒன்றல்ல.

யானையின் மேல் உட்கார்ந்த ஈயின் எடையைக் காண, ஈயோடு ஒரு முறையும் ஈ இல்லாமல் ஒரு முறையும் யானையை நிறுத்துக் கழிப்பது போன்ற வேலை இது. இடையில் யானை ஒரு வாய் தண்ணீர் குடித்தாலே கணக்குப் போய்விடும்.

நான்கு கம்பி முறை என்றால் என்ன செய்கிறோம்?

ஓம் வரம்பில் மல்டிமீட்டர் செய்வது இரண்டு வேலை. தெரிந்த ஒரு மின்னோட்டத்தை வெளியே அனுப்புகிறது. அதனால் தன் இரண்டு முனைகளுக்கு இடையே எவ்வளவு மின்னழுத்தம் தோன்றுகிறது என்று பார்க்கிறது. சிக்கல் "தன் முனைகளுக்கு இடையே" என்பதில்தான் இருக்கிறது. மின்னோட்டம் போகும் வழியில் உள்ள கம்பி, ஊசி, தொடும் இடம் எல்லாவற்றின் மின்னழுத்த இழப்பும் அந்த எண்ணில் சேர்ந்துவிடுகிறது.

நான்கு கம்பி முறையில் இந்த இரண்டு வேலைகளையும் பிரித்துவிடுகிறோம். ஒரு சோடிக் கம்பி மின்னோட்டத்தைக் கொண்டுபோய் வயரின் இரு கோடிகளில் கொடுக்கும். மற்றொரு சோடி, அந்தக் கோடிகளுக்கு உள்ளே, நாம் விரும்பும் இரண்டு புள்ளிகளைத் தொட்டு அங்கே உள்ள மின்னழுத்தத்தை மட்டும் வோல்ட் மீட்டருக்குக் கொண்டுவரும். மின்னோட்டக் கம்பிகளில் இழப்பு இருக்கத்தான் செய்யும். ஆனால் அது நாம் பார்க்கும் இரண்டு புள்ளிகளுக்கு வெளியே நடக்கிறது. விலை உயர்ந்த மீட்டர்களில் முதல் சோடிக்கு "ஃபோர்ஸ்", இரண்டாவதற்கு "சென்ஸ்" என்று பொறித்திருப்பார்கள். இந்தப் பக்கத்தில் மின்னோட்டக் கம்பி, மின்னழுத்தக் கம்பி என்றே சொல்கிறேன்.

இதைக் கெல்வின் முறை என்றும் சொல்வார்கள். வில்லியம் தாம்சன் தாழ்ந்த தடைகளை அளக்க இரட்டைச் சமனச்சுற்றை 1861-இல் உருவாக்கினார். கெல்வின் பிரபு என்ற பட்டம் அவருக்கு 1892-இல்தான் வந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் மீட்டர் சமனச்சுற்றுச் சோதனை செய்தவர்களுக்கு இந்தத் தொல்லை முன்பே அறிமுகம். கம்பியின் இரு முனைகளிலும் செம்புப் பட்டையோடு சேரும் இடத்தின் தடையைச் சமாளிக்கத்தான் தடைகளை இடம் மாற்றி வைத்துச் சராசரி எடுக்கச் சொன்னார்கள்.

மின்னழுத்தக் கம்பிக்கும் தடை உண்டு, அதுவும் ஊசி வைத்துத்தான் தொடுகிறது. அந்தத் தவறு எங்கே போயிற்று?

இது நல்ல சந்தேகம். இதற்குப் பதில் புரிந்துவிட்டால் மற்றவை தானாக வரும். தடை இருந்தால் மட்டும் மின்னழுத்த இழப்பு வராது. அதன் வழியே மின்னோட்டமும் போக வேண்டும். வோல்ட் மீட்டரின் உள் தடை பொதுவாக 10 மெகாஓம். 15 மில்லிவோல்ட்டை அளக்கும்போது அதன் வழியே போகும் மின்னோட்டம் 1.5 நானோஆம்பியர்தான்.

மின்னழுத்தக் கம்பியும் அதன் தொடுமுனையும் சேர்ந்து ஒரு முழு ஓம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதில் இழக்கப்படுவது 1.5 நானோவோல்ட். 15 மில்லிவோல்ட்டில் அது கோடியில் ஒரு பங்கு. அதே ஒரு ஓம், 2 ஆம்பியர் போகும் கம்பியில் இருந்தால் இழப்பு 2 வோல்ட். ஆகவே மின்னழுத்தக் கம்பி மெல்லியதாக இருக்கலாம், நீளமாக இருக்கலாம், தொடுமுனை கொஞ்சம் அழுக்காகவும் இருக்கலாம். தொட்டுக்கொண்டிருந்தால் போதும்.

மில்லிஓம் மீட்டர் வாங்கும் அளவுக்கு வேலை இல்லை. கையில் இருப்பதை வைத்து எப்படி அளப்பது?

இரண்டு மல்டிமீட்டரும் ஒரு மின்னோட்ட மூலமும் போதும். மின்னோட்டத்தை நிறுத்திவைக்கும் வசதியுள்ள மேசைப் பவர் சப்ளை இருந்தால் நல்லது. இல்லையென்றால் 12 வோல்ட் பேட்டரியோடு தொடரில் ஒரு 12 வோல்ட், 21 வாட் வண்டி பல்பைப் போடுங்கள், ஏறக்குறைய 1.7 ஆம்பியர் போகும், பல்ப் சூடானதும் நிலையாக நிற்கும். வயரைப் பேட்டரியோடு நேரடியாக மட்டும் இணைத்துவிடாதீர்கள். நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து கையையும் மேசையையும் சுட்டுவிடும். ஒரு மல்டிமீட்டரை 10 ஆம்பியர் வரம்பில் தொடரில் போடுங்கள். மற்றதை மில்லிவோல்ட் வரம்பில் வையுங்கள். 0.01 மில்லிவோல்ட் வரை காட்டும் மீட்டராக இருந்தால் வேலை சுலபம்.

நான் செய்தது இது. வயரில் 1.2 மீட்டர் வெட்டினேன். இரு கோடிகளிலும் இரண்டு செ.மீ. உறையை நீக்கி, இழைகளை முறுக்கி, ஈயப்பற்று வைத்து, பவர் சப்ளையின் கிளிப்புகளை அங்கே கடிக்கவிட்டேன். பிறகு எஃகு அளவுகோலை வைத்து, கோடிகளிலிருந்து 10 செ.மீ. உள்ளே, சரியாக ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு குறி போட்டேன். குறி உள்ள இடத்தில் பிளேடால் உறையை வளையமாக அரை செ.மீ. அளவுக்கு எடுத்தேன், இழைகளில் கீறல் விழாமல். அந்த இடத்தில் மெல்லிய செம்புக் கம்பியை நான்கைந்து சுற்று இறுகச் சுற்றி அதன் வாலை மீட்டருக்குக் கொண்டுபோனேன்.

2.00 ஆம்பியர் வைத்ததும் மீட்டர் 15.25 மில்லிவோல்ட் காட்டியது. மின்னோட்டத்தைத் திருப்பிப் போட்டேன்: 15.11 கழித்தல் குறியோடு. ஏன் திருப்ப வேண்டும் என்பது கீழே வருகிறது. இரண்டின் சராசரி 15.18 மில்லிவோல்ட். இரண்டு ஆம்பியரால் வகுத்தால் 7.59 மில்லிஓம். விலை குறைந்த வயரை அதே மாதிரி வைத்தபோது சராசரி 19.40 மில்லிவோல்ட், அதாவது 9.70 மில்லிஓம். ஓம் வரம்பில் இரண்டுமே 0.3 என்று காட்டிய அதே வயர்கள்தான்.

மின்னழுத்தக் கிளிப்பை மின்னோட்டக் கிளிப்பின் மேலேயே மாட்டிவிட்டேன். நான்கு கம்பி இருக்கிறதே, அது போதாதா?

போதாது. எண்ணிக்கையில் நான்கு கம்பி இருந்தாலும் அது இரண்டு கம்பி அளவீடுதான். மீட்டரோடு வரும் கம்பிகளின் தடை நீங்கியிருக்கும்; ஆனால் மின்னோட்டக் கிளிப்பின் பல்லுக்கும் வயருக்கும் இடையே உள்ள தொடுதடை உங்கள் இரண்டு புள்ளிகளுக்கு உள்ளே வந்துவிட்டது. 2 ஆம்பியர் போகும்போது அங்கே வெறும் 3 மில்லிஓம் இருந்தாலே 6 மில்லிவோல்ட் கூடிவிடும். இந்த முறையில் நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் இதுதான். மின்னழுத்தக் கம்பி அளக்கப்படும் உலோகத்தையே தொட வேண்டும். மின்னோட்டக் கிளிப்புக்கு உள்பக்கமாகத் தொட வேண்டும்.

எவ்வளவு உள்ளே என்பது பொருளைப் பொறுத்தது. ஒற்றைக் கம்பியென்றால் அதன் விட்டத்தைப்போலச் சில மடங்கு தள்ளினாலே மின்னோட்டம் முழுக் குறுக்குவெட்டிலும் சீராகப் பரவிவிடும். பல இழை வயரில் தாராளமாகத் தள்ளுங்கள். கிளிப் கடிப்பது வெளி இழைகளை மட்டும். உள் இழைகளுக்கு மின்னோட்டம் போய்ச் சேரக் கொஞ்சம் தூரம் வேண்டும். அதனால்தான் கோடியில் ஈயப்பற்று வைத்து எல்லா இழைகளையும் ஒன்றாக்கிவிட்டு 10 செ.மீ. உள்ளே போனேன். செம்புப் பட்டை போன்ற அகலமான பொருளுக்கும் இதே எச்சரிக்கைதான்: மின்னோட்டத்தை ஒரு மூலையில் கொடுத்துப் பக்கத்திலேயே மின்னழுத்தம் எடுத்தால் வரும் எண்ணுக்குப் பொருள் இல்லை.

மின்னோட்டத்தை ஏன் திருப்பிப் போட வேண்டும்? நேர்த்திசையில் அளந்த 15.25 என்ன பாவம் செய்தது?

மின்னோட்டம் இல்லாமலேயே சில பத்து மைக்ரோவோல்ட் வந்துகொண்டிருக்கும். இரண்டு வேறு உலோகங்கள் சேரும் இடங்கள் வேறு வேறு சூட்டில் இருந்தால் அங்கே ஒரு சிறு மின்னழுத்தம் பிறக்கும். வெப்ப மின்னிரட்டை வேலை செய்வதும் இதனால்தான். செம்போடு ஈயப்பற்று சேருமிடத்தில் ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு ஓரிரு மைக்ரோவோல்ட்தான். துரு ஏறிய செம்பு என்றால் பல நூறு மைக்ரோவோல்ட்கூட வரலாம். கையால் பிடித்துவிட்ட கிளிப் ஆறாமல் இருந்தாலே எண் நகர்வதைப் பார்க்கலாம். மீட்டரின் சொந்தச் சுழிப்பிழையும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

இந்தக் கூடுதல் மின்னழுத்தம் மின்னோட்டத்தின் திசையைப் பற்றிக் கவலைப்படாது. வயரின் இழப்போ திசை மாறினால் குறி மாறும். எனவே இரண்டு திசையிலும் அளந்து, கழித்து, பாதியாக்கினால் கூடுதல் மட்டும் உதிர்ந்துவிடும். என் அளவீட்டில் அது 0.07 மில்லிவோல்ட், திருப்பாமல் விட்டிருந்தால் அரை சதவீதம் பிழை.

```
R = (V1 - V2) / (2 × I)
  = (15.25 - (-15.11)) / (2 × 2.00) = 7.59 mΩ
```

ஒரு பொறி இருக்கிறது. திருப்ப வேண்டியது மின்னோட்டக் கம்பிகளை, பவர் சப்ளையின் பக்கம். சோம்பலில் வோல்ட் மீட்டரின் இரண்டு ஊசிகளை மாற்றிப்போட்டுவிட்டுச் சராசரி எடுப்பவர்கள் உண்டு. அப்போது வெப்ப மின்னழுத்தமும் சேர்ந்தே குறி மாறும். மீட்டரின் சுழிப்பிழை மட்டும் நீங்கும், மற்றது அப்படியே தங்கிவிடும்.

காலையில் அளந்ததும் மதியம் அளந்ததும் வேறு வேறு. எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம், அப்போதைய வெப்பநிலையையும் எழுதிவைத்திருந்தால். செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.39 சதவீதம் கூடும். பத்து டிகிரி ஏறினால் 4 சதவீதம். நான்கு கம்பி போட்டுப் பாதி சதவீதத்துக்கு மல்லுக்கட்டிவிட்டு வெப்பநிலையை மறந்தால் பட்ட பாடு வீண்.

வயர் தரங்கள் 20 டிகிரிக்குத்தான் எண் கொடுக்கின்றன. என் அறையில் 32 டிகிரி. செம்புக்கான மாற்றுக் கணக்கு இது:

```
R20 = Rt × 254.5 / (234.5 + t)
7.59 × 254.5 / 266.5 = 7.25 mΩ
9.70 × 254.5 / 266.5 = 9.26 mΩ
```

ஒரு மீட்டருக்கு 7.25 மில்லிஓம் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 7.25 ஓம். ஐ.இ.சி. 60228 தரம் 2.5 சதுர மி.மீ. பல இழை நெகிழ்வயருக்கு (ஐந்தாம் வகுப்பு) அனுமதிக்கும் உச்சம் கிலோமீட்டருக்கு 7.98 ஓம். முதல் வயர் தேறிவிட்டது, இரண்டாவது தேறவில்லை. தூய செம்பு என்று வைத்துக் கணக்கிட்டால் அதில் இருப்பது 1.86 சதுர மி.மீ. செம்புதான். ஆனால் இழை குறைவா, அல்லது செம்பே கலப்படமா என்று இந்தத் தடை எண் பிரித்துச் சொல்லாது. அதற்கு இழைகளை எண்ணி, மைக்ரோமீட்டரில் விட்டம் பார்த்து, எடையும் போட வேண்டும். ஓர் இழையைப் பிளேடால் சுரண்டிப் பார்த்தேன், உள்ளேயும் சிவப்புதான். ஆகவே அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய சங்கதி அல்ல.

மின்னோட்டத்தை எவ்வளவு கூட்டலாம்? 10 ஆம்பியர் வைத்தால் எண் இன்னும் துல்லியமாக வருமே?

மின்னோட்டம் இரட்டித்தால் மின்னழுத்தமும் இரட்டிக்கும், மீட்டரின் கடைசி இலக்கம் அவ்வளவாக உறுத்தாது. ஆனால் சூடு நான்கு மடங்காகும். என் வயரில் 2 ஆம்பியருக்கு ஒரு மீட்டரில் 0.03 வாட், ஒன்றுமே இல்லை. 10 ஆம்பியருக்கு 0.76 வாட், வயர் மெல்லச் சூடாகும், எண் உங்கள் கண் முன்னாலேயே ஊர்ந்து ஏறும். மேலே சொன்ன வெப்பநிலைக் கணக்கு அப்போது அறையின் வெப்பநிலைக்குப் பொருந்தாது.

அதனால் என் வழி இது: எண் தெளிவாகத் தெரியும் அளவுக்குக் குறைந்த மின்னோட்டம். கொடுத்து முப்பது வினாடி பாருங்கள். எண் ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போனால் மின்னோட்டம் அதிகம். இதே காரணத்தால் சிறு ஃபியூஸ், மெல்லிய சுருள், சர்க்யூட் போர்டின் செம்புக் கோடு ஆகியவற்றில் ஆம்பியர் கணக்கில் விடாதீர்கள். 100 மில்லிஆம்பியரே போதும், மைக்ரோவோல்ட் காட்டும் மீட்டர் இருந்தால்.

கெல்வின் கிளிப் என்று விற்கிறார்களே, சாதாரணக் கிளிப்பிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

பார்வைக்குச் சாதாரண குரோக்கடைல் கிளிப்தான். ஆனால் மேல் தாடையும் கீழ்த் தாடையும் ஒன்றையொன்று தொடாதபடி காப்பிட்டிருக்கும். ஒரு தாடை மின்னோட்டம், மறு தாடை மின்னழுத்தம். இரண்டும் சந்திப்பது நடுவில் கடிபடும் பொருளில் மட்டும். ஒரே கையால் இரண்டு தொடர்பையும் வைத்துவிடலாம் என்பதால் ரெசிஸ்டர்களை வரிசையாகச் சோதிப்பவர்களுக்கு நேரம் மிச்சம்.

மலிவான கிளிப் சிலவற்றில் பிடியின் பக்கம் தாடைகள் உள்ளுக்குள் தொட்டுக்கொண்டிருக்கும். வாங்கியதும், எதையும் கடிக்கவிடாமல் தாடைகளை விரித்துப் பிடித்து இரண்டுக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். பீப் ஒலித்தால் அது வெறும் கிளிப். இன்னொன்று: ஒரு மீட்டர் வயரின் கோடியில் இதை மாட்டினால் அளவு எங்கே தொடங்குகிறது என்று மி.மீ. கணக்கில் சொல்ல முடியாது. நீளத்துக்குத் தடை காணும் வேலைக்கு, சுற்றிய செம்புக் கம்பியே மேல்.

ஆம்பியர் அளக்கும் ஷன்ட்டில் இரண்டு பெரிய போல்ட், இரண்டு சின்னத் திருகு இருக்கின்றன. சின்னத் திருகு எதற்கு?

நீங்கள் இதுவரை படித்தது முழுவதும் அந்தப் பித்தளைக் கட்டையில் செதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. 100 ஆம்பியர், 75 மில்லிவோல்ட் என்று பொறித்த ஷன்ட்டின் தடை 0.75 மில்லிஓம். பெரிய போல்ட்டில் கேபிள் லக்கை எவ்வளவு இறுக்கினாலும் அங்கே தொடுதடை 0.1 மில்லிஓம் வந்துவிடலாம். மின்னழுத்தத்தை அங்கே எடுத்தால் 13 சதவீதம் பிழை. சின்னத் திருகுகள் அந்த இடத்துக்கு உள்ளே, தடைப் பட்டைக்கு அருகில் இருக்கின்றன. 75 மில்லிவோல்ட் என்ற உறுதிமொழி அவற்றுக்கு இடையே மட்டும்தான் செல்லும்.

என் பவர் சப்ளையின் ஆம்பியர் காட்டியை நம்பாதபோது இப்படி ஒரு ஷன்ட்டைத் தொடரில் போட்டு மின்னோட்டத்தைச் சரிபார்ப்பேன். தடைக்கான கணக்கில் மின்னோட்டமும் ஓர் உறுப்பு. அதில் 2 சதவீதம் பிழை இருந்தால் விடையிலும் 2 சதவீதம் பிழை. நான்கு கம்பி அதைத் தீர்த்துவைக்காது.

மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுகளை அளக்கும்போது எண் நிற்கவே மாட்டேன் என்கிறது.

சுற்று என்றால் தூண்டம். மின்னோட்டம் உடனே முழு அளவை எட்டாது. எட்டும்வரை நீங்கள் பார்க்கும் மின்னழுத்தத்தில் தடையின் பங்கோடு தூண்டத்தின் பங்கும் கலந்திருக்கும். சிறு மோட்டாரில் கண் சிமிட்டும் நேரம். பெரிய டிரான்ஸ்ஃபார்மரில் நிமிடக் கணக்கில்கூட ஆகும். ஆம்பியரும் மில்லிவோல்ட்டும் இரண்டுமே நின்ற பிறகுதான் எழுதுங்கள்.

இதைவிட முக்கியம், முடிக்கும் விதம். மின்னோட்டம் போய்க்கொண்டிருக்கும்போது மின்னோட்டக் கிளிப்பைப் பிடுங்கினால், சுற்றில் சேர்ந்திருந்த ஆற்றல் பெரிய மின்னழுத்தமாகப் பாயும். தீப்பொறி பறக்கும், வோல்ட் மீட்டர் சாகும், கை நடுவில் இருந்தால் ஆளுக்கே ஆபத்து. முதலில் மின்னழுத்தக் கம்பிகளை எடுங்கள். பிறகு பவர் சப்ளையை மெல்லக் குறைத்துச் சுழிக்குக் கொண்டுவாருங்கள். பெரிய டிரான்ஸ்ஃபார்மருக்கு ஆற்றலை வடிக்கும் ஏற்பாடு உள்ள கருவி இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

பேட்டரியின் உள் தடைக்கும் இதே அமைப்பு சரிதானே?

அப்படியே வைத்தால் சரிப்படாது, ஏனென்றால் பேட்டரி தானே ஒரு மின்னழுத்த மூலம். மில்லிஓம் மீட்டரைப் பேட்டரியில் மாட்டி மீட்டரைப் புகைத்தவர்கள் இருக்கிறார்கள். வழி இரண்டு. பேட்டரி சோதனைக் கருவிகள் 1 கிலோஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டத்தை நான்கு கம்பியில் அனுப்பி, நேர்மின்னழுத்தத்தைக் கெப்பாசிட்டரால் தடுத்து, மாறும் பகுதியை மட்டும் பார்க்கின்றன. மற்றது, சுமை போட்டுப் பார்ப்பது: சுமையில்லாமல் 12.60 வோல்ட், 5 ஆம்பியர் இழுக்கும்போது 12.50 என்றால் வேறுபாடு 0.10, தடை 20 மில்லிஓம். இங்கேயும் வோல்ட் மீட்டரின் ஊசி பேட்டரி முனையின் உலோகத்தைத் தொட வேண்டும், சுமையின் கிளிப்பை அல்ல. இரண்டு வழியிலும் ஒரே எண் வராது. பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை மெதுவானது. சுமை போட்ட பிறகு எத்தனை வினாடி கழித்துப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும்.

தொடுதடையை நீக்கும் முறை என்கிறீர்கள். எனக்கு வேண்டியதே ரிலேயின் தொடுதடைதான். என்ன செய்வது?

நீக்குவது உங்கள் கிளிப்புகளின் தொடுதடையை. ரிலேயின் தொடர்பு இரண்டு மின்னழுத்தப் புள்ளிகளுக்கு நடுவில் இருந்தால் அது முழுவதுமாக அளக்கப்படும். எனவே மின்னழுத்த ஊசிகளைத் தொடர்புக்கு எவ்வளவு நெருக்கமாக வைக்க முடியுமோ அவ்வளவு நெருக்கமாக, இரு புறமும் வையுங்கள்; இல்லையென்றால் ரிலேயின் கால் உலோகமும் கணக்கில் சேரும்.

மின்னோட்டத்தைப் பற்றி மேலே சொன்னது மட்டும் இங்கே போதாது. தொடர்பின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் இருந்தால், கூடுதல் மின்னழுத்தம் அதைக் குத்திக் கிழித்துவிடும். நீங்கள் அளந்த நேரத்தில் தொடர்பு நல்லதாகத் தெரியும், சிறு சைகை போகும் இடத்தில் ரிலே ஏமாற்றும். அத்தகைய ரிலேக்குச் சோதனை மின்னழுத்தம் திறந்த நிலையில் 20 மில்லிவோல்ட்டைத் தாண்டாமல் அளப்பது வழக்கம். துணைமின் நிலையத்தின் சர்க்யூட் பிரேக்கருக்கோ நேர்மாறு: பல பத்து மைக்ரோஓம் அளவில் உள்ள தொடர்பை 50, 100 ஆம்பியர் விட்டு அளப்பார்கள். அது வேலை செய்யப்போவதே பெரிய மின்னோட்டத்தில்தான். சிறு மின்னோட்டத்தில் அளந்தால் நல்ல பிரேக்கரும் கெட்டதுபோல் தெரியலாம்.

எல்லாம் இணைத்துவிட்டேன், ஓர் எண் வருகிறது. அது சரியான எண்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நான்கு சோதனை செய்வேன், ஐந்து நிமிடம் ஆகாது. மின்னோட்டக் கிளிப்பைச் சற்று அசைத்துப் பார்ப்பேன். ஆம்பியர் மாறாதபோது மில்லிவோல்ட்டும் மாறக்கூடாது. மாறினால் மின்னழுத்தக் கம்பி தவறான இடத்தில் இருக்கிறது. பிறகு இரண்டு மின்னழுத்த ஊசிகளையும் வயரில் ஒரே புள்ளியில் வைப்பேன். சுழி வர வேண்டும், வெப்ப மின்னழுத்தத்தின் சில இலக்கம் போக. மின்னோட்டத்தைப் பாதியாக்கினால் மின்னழுத்தமும் பாதியாக வேண்டும். கடைசியாக, ஓர் ஊசியை நடுக்குறிக்கு நகர்த்தி அரை மீட்டருக்கு அளப்பேன்.

என் முதல் வயர் அரை மீட்டரில் 7.6 மில்லிவோல்ட் தந்தது, முழுதில் பாதி. இரண்டாவது வயர் முதல் முறை 11.2 தந்தது; 19.40-இல் பாதியென்றால் 9.7 வர வேண்டும். ஒரு குறியில் உறையை எடுக்கும்போது பிளேடு மூன்று இழைகளை வெட்டியிருந்தது, அந்தப் பாதிதான் கூடுதலாகக் காட்டியது. புதிதாக வெட்டி மறுபடி செய்த அளவீடுதான் மேலே கொடுத்திருக்கும் 19.40.